பினாங்கு ஆலையின் 5% லாபம் உண்மையா? பரிமாற்ற விலை ஆவணத்தைச் சோதிக்கும் வழி

பினாங்கில் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளிலேயே இந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிடும். பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு மின்னணு ஆலை. தாய் நிறுவனம் சிங்கப்பூரில். ஆலை செய்யும் பொருள் அத்தனையையும் தாய் நிறுவனமே வாங்கிக்கொள்கிறது. மொத்தச் செலவின் மேல் 5% சேர்த்து விலை வைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு தடித்த பரிமாற்ற விலை அறிக்கை, அதாவது ஒரே குழும நிறுவனங்கள் தமக்குள் வைத்துக்கொண்ட விலை நியாயமானது என்று காட்டும் ஆவணம். அதன் முடிவுரை, "5% என்பது தொடர்பற்ற நிறுவனங்கள் ஈட்டும் லாபத்தின் எல்லைக்குள் இருக்கிறது" என்று சொல்லும். அந்த வாக்கியத்தை நம்பலாமா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

இதை எந்த வரிசையில் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விதிகள் ஓரிடத்தில், வழிகாட்டி நெறிகள் இன்னோரிடத்தில், தணிக்கைத் தரங்கள் வேறோரிடத்தில் என்று தேடித் தேடிக் கோத்துக்கொண்டேன். அடுத்து வருபவர்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, ஒரே ஒரு வகை ஆலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை செய்து காட்டுகிறேன். இதிலுள்ள ஆலையின் எண்களைக் கணக்குப் போட வசதியாக மாற்றி அமைத்திருக்கிறேன். டிசம்பர் 31, 2024-இல் முடிந்த ஆண்டு என்று வைத்துக்கொள்வோம்.

1. அறிக்கையின் உள்ளே போகுமுன் தேதியைப் பாருங்கள்

2023ஆம் ஆண்டின் பரிமாற்ற விலை விதிகளின்படி, வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யவேண்டிய நாளுக்கு முன்பே ஆவணம் முழுமையாகத் தயாராகியிருக்க வேண்டும். தயாரித்து முடித்த தேதியையும் அதிலேயே எழுத வேண்டும். டிசம்பரில் கணக்கை முடிக்கும் நிறுவனத்துக்குப் படிவம் சி-யின் கெடு ஏழு மாதம், அதாவது 2025 ஜூலை 31. மின்வழித் தாக்கலுக்குக் கூடுதல் நாள் கிடைத்தாலும் அதை ஆவணத்துக்கான கெடுவாக எண்ணிவிட வேண்டாம். உள்நாட்டு வருமான வரி வாரியம் கேட்டால் 14 நாளில் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். கேட்ட பிறகு எழுதத் தொடங்கினால் அந்த 14 நாள் போதாது. போதினாலும் தேதி காட்டிக்கொடுத்துவிடும். கொடுக்கத் தவறினால், ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தின் 113B பிரிவு இடம் தருகிறது. சிறைத் தண்டனைக்கும் அதில் வழி இருக்கிறது.

முழு ஆவணம் தேவையா, சுருக்க ஆவணம் போதுமா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் வெளியான வழிகாட்டி நெறிகளின்படி, வணிக வருமானம் 30 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டி, எல்லை கடந்த தொடர்புடைய பரிவர்த்தனைகள் ஆண்டுக்கு 10 மில்லியனும் அதற்கு மேலும் இருந்தால் முழு ஆவணம் வேண்டும். நம் ஆலையின் விற்பனை 63 மில்லியன், அத்தனையும் சிங்கப்பூருக்கு. ஆகவே முழு ஆவணம்தான்.

தணிக்கையாளருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தனியார் நிறுவனம் ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்குகளைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும். அதனால் நீங்கள் கையெழுத்துக்குத் தயாராகும் நேரத்தில் 2024-க்கான அறிக்கை பெரும்பாலும் வரைவாகவே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. "அறிக்கை ஜூலையில் வரும்" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு அந்தப் பகுதியை மூடிவிடாதீர்கள். முந்தைய ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டின் விலைக் கணக்கையும் வைத்துக்கொண்டே பெரும்பகுதியைச் சோதித்துவிடலாம். பிழை இருந்தால் திருத்துவதற்குச் செலவு குறைவான நேரமும் அதுவே.

2. கேட்டு வாங்க வேண்டியவை

அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் வேலை நடக்காது. முதல் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்: கையெழுத்திட்ட உற்பத்தி ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும், ஆண்டிறுதியில் விலையைச் சரிசெய்த எக்செல் தாள் பி.டி.எஃப். ஆக அல்லாமல் சூத்திரங்களோடு கூடிய மூலக் கோப்பாக, இருப்பாய்வு, தாய் நிறுவனத்துக்கும் ஆலைக்கும் இடையே போன டெபிட் நோட், கிரெடிட் நோட் அனைத்தும், லாபத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் தொடர்பற்ற நிறுவனங்களை, அதாவது ஒப்பீட்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தபோது தள்ளப்பட்டவற்றின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எழுதிய காரணத்தோடு.

கடைசியாகச் சொன்ன பட்டியல் சுலபத்தில் வராது. அறிக்கையை எழுதிய ஆலோசகரிடம் இருக்கும், நிறுவனத்திடம் இருக்காது. இரண்டு வாரம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

3. ஒப்பந்தத்தையும் நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

குறைந்த, நிலையான லாபம் நியாயமாக இருப்பது ஆலை குறைந்த இடரைச் சுமக்கும்போது மட்டுமே. வடிவமைப்பு தாய் நிறுவனத்துடையது, வாடிக்கையாளர் தாய் நிறுவனத்துடையவர், விற்காத சரக்கின் நட்டமும் அங்கேயே போகும் என்றால் 5% பற்றிப் பேசலாம். ஒப்பந்தம் எப்போதும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். நடப்பு அப்படியா என்பதற்குப் பதில் டெபிட் நோட்டுகளில் கிடைக்கும்.

நம் கோப்பில் சிங்கப்பூரிலிருந்து 180,000 ரிங்கிட்டுக்கு ஒரு டெபிட் நோட் வந்திருந்தது. விவரம் என்ற இடத்தில் "மறுவேலைச் செலவு" என்று மட்டும் இருந்தது. தொகையைப் பார்த்தால் 61 மில்லியன் செலவில் தூசு மாதிரி தெரியும். ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் காரண அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பற்றவைப்பு சரியில்லாததால் மின்சுற்றுப் பலகைகள் திரும்பி வந்திருந்தால் அது ஆலையின் தவறு, ஆலையே சுமக்க வேண்டும். மின்சுற்று வடிவமைப்பில் பிழை என்றால் அது தாய் நிறுவனத்தின் இடர். அதை ஆலையின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே ஒரு முறை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டால் போதும். ஆண்டுதோறும் நடக்கிறது என்றால் ஆலை "இடர் குறைந்த உற்பத்தியாளர்" அல்ல. அப்போது அறிக்கை தேர்ந்தெடுத்த ஒப்பீட்டு நிறுவனங்களே பொருந்தாமல் போகும்.

இதே கண்ணோடு இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள்: ரத்தான ஆர்டருக்காக வாங்கிய மூலப்பொருளை யார் நட்டமாக எழுதினார்கள், இயந்திரம் சும்மா நின்ற மாதங்களின் செலவு விலைக் கணக்கில் சேர்ந்ததா.

4. லாப விகிதத்தை நீங்களே புதிதாகக் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பிழைகள் கூடுகட்டும் இடம் இது.

அறிக்கையின் அட்டவணை இப்படி இருந்தது: விற்பனை 63.0 மில்லியன், மொத்தச் செலவு 60.0 மில்லியன், செயல்பாட்டு லாபம் 3.0 மில்லியன், செலவின் மேல் 5.0%. தணிக்கை செய்த கணக்கில் வரிக்கு முந்தைய லாபமும் 3.0 மில்லியன். இரண்டும் ஒத்துப்போகின்றன என்று டிக் போட்டுவிட்டு நகரத் தோன்றும். ஆனால் வரிக்கு முந்தைய லாபம் வேறு, செயல்பாட்டு லாபம் வேறு. இரண்டும் ஒரே எண்ணாக வந்தால் நிம்மதி அடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

இருப்பாய்விலிருந்து மீண்டும் கட்டினால் வேறு படம் கிடைக்கிறது. விற்பனைச் செலவு 55.2 மில்லியன், நிர்வாகச் செலவு 5.8 மில்லியன், ஆக மொத்தச் செலவு 61.0 மில்லியன். இதர வருமானம் என்று 1.0 மில்லியன் தனியே இருக்கிறது. அறிக்கையின் அட்டவணையில் அந்த 1.0 மில்லியனைச் செலவிலிருந்து கழித்து 60.0 ஆக்கியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி இடத்தில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட ஆளைப் பார்த்துக் கேட்பது நல்லது. "அக்கா, இதர வருமானம் எதனால் வந்தது, ஏன் செலவில் கழிந்திருக்கிறது?" என்று ஆலையின் கணக்குப் பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, அவர் மறைக்காமல் பதில் சொன்னார்: "அதுவா தம்பி, வைப்புத்தொகை வட்டி 0.4 மில்லியன். சிங்கப்பூருக்குக் கொடுத்த டாலர் கடனில் வந்த நாணய லாபம் 0.6. நிகரச் செலவை அனுப்பச் சொன்னார்கள், அப்படியே அனுப்பினேன்."

வட்டியும் கடன்மேல் வந்த நாணய லாபமும் பலகை தயாரித்ததால் வந்தவை அல்ல. அவை செயல்பாட்டு லாபத்தில் சேரக்கூடாது, செலவையும் குறைக்கக்கூடாது. விற்பனைக் கடனாளிகள் மீது வந்த நாணய லாபமாக இருந்தால் யோசிக்க இடமுண்டு. அப்போதும் ஒப்பீட்டு நிறுவனங்களுக்கும் அதே முறையைக் கையாண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சரியான கணக்கு: விற்பனை 63.0, செலவு 61.0, செயல்பாட்டு லாபம் 2.0 மில்லியன். விகிதம் 3.28%. ஐந்து என்று எழுதியிருந்தது மூன்றேகாலாகிவிட்டது.

ஆண்டிறுதி எக்செல் தாளைச் சூத்திரங்களோடு கேட்டதன் பயன் இங்கேதான். 63.0 என்ற விற்பனைத் தொகையே 60.0-ஐ 1.05-ஆல் பெருக்கி வந்தது. ஆக, தவறு அறிக்கையோடு நிற்கவில்லை, விலைப்பட்டியலுக்கும் போய்விட்டது. ஒப்பந்தப்படி விலை 61.0 × 1.05 = 64.05 மில்லியனாக இருந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் 1.05 மில்லியன் ரிங்கிட் குறைவாகக் கட்டியிருக்கிறது.

5. ஒப்பீட்டு நிறுவனங்கள்: யார் உள்ளே, யார் வெளியே

நம் அறிக்கையில் ஒன்பது நிறுவனங்கள் இருந்தன. மலேசிய நிறுவனங்களை முதலில் தேட வேண்டும் என்பதே வாரியத்தின் எதிர்பார்ப்பு. குழுமத் தலைமையகம் ஆசியா முழுமைக்கும் எடுத்த ஒப்பீட்டை அப்படியே ஒட்டியிருந்தால், உள்ளூரில் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எழுத்தில் காரணம் வேண்டும்.

ஒன்பதின் தணிக்கைக் கணக்குகளையும் படிக்க நேரம் இருக்காது. நான் இரண்டு முனைகளிலிருந்து தொடங்குவேன், மிகக் குறைந்த லாபம் உள்ளதிலும் மிக அதிக லாபம் உள்ளதிலும். அந்த நிறுவனங்களின் கணக்குகளை நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம். வழியாகக் காசு கொடுத்து வாங்கலாம். ஆலோசகரின் கட்டணத்தோடு பார்த்தால் அது சின்னச் செலவு. வாங்கியதும் குறிப்புகளில் தொடர்புடைய தரப்பினர் பகுதியைத் திறந்து பாருங்கள். அந்த நிறுவனமே தன் தாய் நிறுவனத்துக்குத்தான் பெரும்பகுதி விற்கிறது என்றால், அது தொடர்பற்ற விலைக்குச் சான்றாக முடியாது. நம் கோப்பில் மைனஸ் 1.2% காட்டிய நிறுவனம் தொடர்ந்து பல ஆண்டுகள் நட்டத்தில் இருந்தது. செலவின் மேல் உறுதியான லாபம் பெறும் ஆலையை, விடாமல் நட்டப்படும் நிறுவனத்தோடு ஒப்பிட முடியாது.

தள்ளப்பட்டவற்றின் பட்டியலிலும் இதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல லாபம் ஈட்டிய நிறுவனங்கள் மட்டும் "தொழில் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரியில் வெளியேறியிருந்தால், அவற்றின் இணையதளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

ஆண்டையும் கவனியுங்கள். வெளிநாட்டுக் குழும அறிக்கைகள் மூன்றாண்டுச் சராசரியை விரும்பும். இங்கே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதே முறை. சூழல் மாறாதவரை புதிய தேடல் மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும், ஆனால் தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் நிதி எண்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆலோசகரிடம் கட்டணம் கேட்கும்போது இந்த இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேட்கச் சொல்லுங்கள். புதுப்பிப்புக்குப் போய் முழுத் தேடலின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

6. லாப எல்லை மலேசிய விதி சொல்லும் எல்லைதானா?

ஒன்பது நிறுவனங்களின் விகிதங்கள், சிறியதிலிருந்து: −1.2, 1.8, 3.1, 3.9, 4.6, 5.8, 6.9, 8.4, 11.0.

உலகில் பல இடங்களில் 25 முதல் 75ஆம் சதமானம் வரையுள்ள பகுதியை எல்லையாக எடுப்பார்கள். அதன்படி 3.1 முதல் 6.9 வரை. நம் ஆலையின் 3.28% அதற்குள் வந்துவிடுகிறது, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் மலேசியாவின் 2023 விதிகள் அந்த வழக்கமான எல்லையை ஏற்கவில்லை. இங்கே 37.5 முதல் 62.5ஆம் சதமானம் வரைதான். தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்:

```
=PERCENTILE.INC(B2:B10,0.375)
=MEDIAN(B2:B10)
=PERCENTILE.INC(B2:B10,0.625)
```

விடைகள் 3.9, 4.6, 5.8. எல்லை 3.9 முதல் 5.8 வரை. 3.28 வெளியே நிற்கிறது. எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதிவையுங்கள். `PERCENTILE.EXC` போட்டால் எண்கள் சற்றே மாறும், பிறகு யாராவது சரிபார்த்தால் குழம்புவார்கள்.

எல்லைக்கு வெளியே விழுந்தால் அருகிலுள்ள விளிம்பு வரை உயர்த்தினால் போதும் என்று நினைக்கக்கூடாது. நடுமதிப்புக்குக் கொண்டுபோவார்கள். 61.0 மில்லியனில் 4.6% என்றால் 2.806 மில்லியன். ஈட்டியது 2.0. வருமானத்தில் கூடுவது 806,000 ரிங்கிட். 24% வரி 193,440. இதற்கு மேல் 140A பிரிவின்கீழ் கூட்டிய தொகையில் 5% வரை தனிக் கட்டணம் விதிக்கலாம். முழு 5% என்றால் 40,300.

நட்ட நிறுவனத்தை நீக்கிவிட்டு எட்டு நிறுவனங்களோடு மீண்டும் போட்டால் நடுமதிப்பு 5.2 ஆகிறது. கூடும் வருமானம் 1.172 மில்லியன், வரி 281,280, கட்டணம் 58,600 வரை. ஒரே ஒரு நிறுவனம் உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பது இவ்வளவு தூரம் நகர்த்துகிறது. அதனால்தான் இரண்டு முனைகளிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

பினாங்கு ஆலைகளில் பலவற்றுக்கு வரிச்சலுகை உண்டு. "எங்களுக்கு வரியே இல்லையே, கூட்டினால் என்ன" என்று நிர்வாகம் சொல்லும். அந்த 5% கட்டணம் கூட்டிய தொகையின் மேல் விதிக்கப்படுவது; வரி கட்ட வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

7. வித்தியாசத்தை எங்கே, எப்போது திருத்துவது

கணக்குகள் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் வழி தெளிவு. ஒப்பந்தப்படி விடுபட்ட 1.05 மில்லியனுக்கு ஆலை சிங்கப்பூருக்கு விலைப்பட்டியல் அனுப்பி, 2024 கணக்கிலேயே வருமானமாகப் பதிய வேண்டும். அப்போது லாபம் 3.05 மில்லியன், விகிதம் உண்மையாகவே 5.0%. ஒன்பது நிறுவனங்களோடு பார்த்தாலும் எட்டோடு பார்த்தாலும் எல்லைக்குள் வருகிறது. சிங்கப்பூரில் அந்த ஆண்டுக்கான நிறுவன வரிப் படிவத்தின் கெடு நவம்பர் 30 என்பதால், அவர்களும் தங்கள் செலவை அங்கே காட்ட நேரம் இருக்கிறது. குழுமத் தணிக்கையாளருக்கு உடனே தகவல் போக வேண்டும்; குழுமக் கணக்கில் இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி உங்களிடம்தான் திரும்பும். ஏற்றுமதி அறிவிப்பில் காட்டிய மதிப்பும் மாறுவதால் சுங்கப் பிரிவிடமும் பேசச் சொல்லுங்கள்.

கையெழுத்தான பிறகு தெரியவந்தால் வேலை கூடும். ஆலை தன் வரிக் கணக்கில் மட்டும் வருமானத்தைக் கூட்டிக் காட்டலாம், ஆனால் அதே பணத்துக்குச் சிங்கப்பூரில் தாய் நிறுவனமும் வரி கட்டியிருக்கும். அந்த இரட்டை வரியை நீக்க, இரு நாட்டு ஒப்பந்தத்திலுள்ள பரஸ்பர இணக்க நடைமுறையில் போக வேண்டும். அது சீக்கிரம் முடிகிற காரியம் அல்ல. வாரியமோ பரிமாற்ற விலை விஷயத்தில் ஏழு ஆண்டுகள் வரை பின்னோக்கி வரி மதிப்பிடலாம். ஆகவே இதே எக்செல் தாளை முந்தைய ஆண்டுகளிலும் பயன்படுத்தினார்களா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். "ஆமாம்" என்றால் வரி ஒதுக்கீட்டில் அந்த ஆண்டுகளும் சேர வேண்டும்.

உங்கள் தணிக்கைக் கோப்பில் இரண்டு விஷயங்கள் தனித்தனியே இருக்கட்டும். முதலாவது, மேலே செய்த மறுகணக்கு, ஆதாரங்களோடு. இரண்டாவது, கணக்குக் குறிப்பில் நிர்வாகம் எழுதும் வாக்கியம். "தொடர்புடையோருடனான பரிவர்த்தனைகள் தொடர்பற்றவர்களுக்கு இணையான நிபந்தனைகளில் நடந்தன" என்று எழுதப் பலருக்கும் ஆசை. தொடர்புடைய தரப்பினர் பற்றிய கணக்கியல் தரமான எம்.எஃப்.ஆர்.எஸ். 124-இன்படி, நிரூபிக்க முடிந்தால் மட்டுமே அப்படி எழுதலாம். எழுதிவிட்டால் அதற்குப் போதிய சான்று பெறும் கடமையைத் தணிக்கைத் தரமான ஐ.எஸ்.ஏ. 550 உங்கள்மேல் வைக்கிறது. விலை எல்லைக்குள் இருக்கிறது என்பது மட்டும் அதற்குப் போதாது; கடன் தவணை, உத்தரவாதம் போன்ற மற்ற நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். ஆதாரம் கைக்கு வராத நிலையில், அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு "இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில்" என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால், கையெழுத்திடும் தணிக்கைக் கூட்டாளியிடம் வரைவு அச்சாகுமுன்பே கொண்டுபோங்கள்.